வரி போன பிறகு: உரைநடைக் கவிதையில் வாக்கியத்தின் பொறுப்பு

1. கேள்வி

கவிதையை வரிகளாக உடைத்து எழுதும்போது, வரியின் முடிவு கவிஞருக்கு மூன்று வேலைகளைச் செய்து கொடுக்கிறது. வாசிப்பு அங்கே ஒரு கணம் நிற்கிறது. நிற்கும் இடத்திலுள்ள சொல்லுக்குக் கனம் கூடுகிறது. அடுத்து வருவது ஒரு நொடி மறைந்திருக்கிறது. ஓசை, செறிவு, வியப்பு என்று நாம் பாராட்டுவனவற்றில் பெரும்பங்கு இந்த மூன்றிலிருந்து பிறப்பதுதான். ஒரு சாதாரணச் சொல்லைத் தனி வரியில் நிறுத்திவிட்டால் அது தானாகவே கவிதைச் சொல்லின் தோரணையைப் பெற்றுவிடும்.

உரைநடைக் கவிதை இந்த வசதியைத் தானாக முன்வந்து கைவிடுகிறது. அது பத்தியாக அச்சாகிறது. வலது ஓரத்தில் எந்தச் சொல் விழும் என்பதைப் பக்கத்தின் அகலம்தான் தீர்மானிக்கிறது. இதழில் ஒரு சொல் விழுந்த இடத்தில், அதே கவிதை நூலாகும்போது வேறு சொல் விழும். ஆகவே வரி முடிவை நம்பி அதில் எதையும் வைக்க முடியாது. அப்படியானால் வரி செய்துவந்த வேலைகளை இங்கே யார் செய்வது? இக்கட்டுரை ஆராய்வது இந்த ஒரு கேள்வியைத்தான். வாக்கியம்தான் செய்ய வேண்டும் என்பதும், தமிழ் வாக்கியத்திடம் அதற்கான தனிக் கருவிகள் உண்டு என்பதும் என் வாதம்.

ஒரு வரையறையை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தமிழ் விமர்சனத்தில் ‘வசன கவிதை’ என்ற பெயர், யாப்பில்லாமல் ஆனால் வரி உடைத்து எழுதப்பட்டவற்றுக்கும் சேர்த்தே நெடுங்காலம் வழங்கியது. நான் பேசுவது வரியே உடைக்காமல், பத்தியாக எழுதப்படும் கவிதையைப் பற்றி மட்டும்.

2. பிரெஞ்சுச் சான்றும் அதன் போதாமையும்

இவ்வடிவத்தின் வரலாற்றை அலோசியுஸ் பெர்த்ரானின் ‘காஸ்பார் த லா நுவி’யிலிருந்து தொடங்குவது வழக்கம். அவர் 1841இல் இறந்தார். நூல் 1842இல் வந்தது. இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தம் பத்திகளுக்கிடையே, செய்யுள் அச்சிடுவதுபோல, அகலமான வெற்றிடம் விட வேண்டும் என்று அச்சுக் கோப்பவருக்கு பெர்த்ரான் குறிப்பு எழுதி வைத்திருந்தார். வரியைத் துறந்த முதல் கவிஞரே வெற்றிடத்தைத் துறக்கத் துணியவில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. அவருடைய பத்திகள் உண்மையில் நீண்ட வரிகள்தான்.

போதலேர் அடுத்த அடியை எடுத்து வைத்தார். பெர்த்ரானிடமிருந்தே தூண்டுதல் பெற்றதாக 1862இல் அச்சான முன்னுரைக் கடிதத்தில் ஒப்புக்கொண்டு, சந்தமும் எதுகையும் இல்லாமலே இசை கொண்ட ஓர் உரைநடை தம் கனவு என்றார். அவருடைய 50 உரைநடைக் கவிதைகளின் தொகுதி, அவர் மறைவுக்குப் பின் 1869இல் வெளிவந்தது. நம் கேள்விக்கு இத்தொகுதி அரிய சான்று ஒன்றைத் தருகிறது. ‘பயணத்துக்கு அழைப்பு’ என்ற பொருளை அவர் இரண்டு முறை எழுதியிருக்கிறார்: 1857இல் வந்த ‘தீமையின் மலர்கள்’ தொகுதியில் செய்யுளாகவும், பின்னர் உரைநடையாகவும். செய்யுள் வடிவத்தில் ஐந்தசை, ஏழசை வரிகள் தாலாட்டுப்போல ஆடுகின்றன. மூன்று பகுதிகளின் இறுதியிலும் ஒரே பல்லவி திரும்பி வருகிறது. உரைநடை வடிவத்தில் பல்லவி கிடையாது. மாறாகச் செய்யுளுக்குள் நுழைய முடியாத பொருள்கள் உள்ளே வந்துவிடுகின்றன. அந்தக் கனவு நாட்டின் சமையல்கூடக் கவித்துவமானது என்று சொல்லும் அளவுக்கு அது வீட்டுக்குள் இறங்குகிறது. இந்த இணைப் பனுவல்களை விரிவாக ஆராய்ந்த பார்பரா ஜான்சன் (1979), உரைநடை வடிவம் செய்யுளின் மொழியையே கேள்விக்குள்ளாக்குவதாக வாசித்தார்.

அந்த வாசிப்பு கூர்மையானதுதான். ஆனால் எழுதுபவரின் பக்கம் நின்று பார்த்தால் வேறொன்றும் தெரிகிறது. உரைநடை வடிவம் செய்யுளைவிட நீளமானது. பல்லவி செய்த வேலையைச் செய்ய அதே நாட்டைப் பற்றிய அடைமொழிகள் திரும்பத் திரும்ப வருகின்றன. வியப்புச் சொற்கள் பெருகுகின்றன. கிடைத்த கூடுதல் இடத்தை நிரப்பியதால் செறிவு தளர்ந்திருக்கிறது. செய்யுள் இணை இல்லாத ‘மோசமான கண்ணாடி வியாபாரி’யில் இந்தத் தளர்ச்சி இல்லை. கதைசொல்லி ஒரு கண்ணாடி வியாபாரியைப் படியேற்றி வரவழைக்கிறான். வண்ணக் கண்ணாடி இல்லை என்று திட்டித் தள்ளுகிறான். அவன் தெருவுக்கு வந்ததும் மேலிருந்து பூந்தொட்டியை அவன்மேல் போட்டு முதுகுச் சரக்கை நொறுக்குகிறான். இந்தக் கொடுமையை அறிக்கை எழுதுபவனின் நிதானத்தில் சொல்வதிலிருந்தே அதன் அதிர்ச்சி பிறக்கிறது. உரைநடையைச் செய்யுளுக்கு மாற்றாக அல்லாமல் உரைநடையாகவே பயன்படுத்தும்போது இவ்வடிவம் வலுப்பெறுகிறது என்பதற்கு இந்த இரண்டு படைப்புகளுமே போதிய சான்று.

சுசான் பெர்னார் 1959இல் வெளியிட்ட பெரிய ஆய்வில் இவ்வடிவத்துக்கு ஒருமை, பயன் கருதாமை, சுருக்கம் என்று மூன்று இலக்கணங்களை வகுத்தார். இன்றும் எல்லோரும் அவற்றிலிருந்துதான் தொடங்குகிறார்கள். எனினும் அவை முடிந்த கவிதையை அடையாளம் காணத்தான் உதவும். எழுதும் மேசையில் எந்த வாக்கியத்தை வெட்டுவது, எதை விடுவது என்பதை அவை சொல்வதில்லை. அதற்கு மொழிக்குள் இறங்க வேண்டும். பிரெஞ்சு வாக்கியம் செய்வதைத் தமிழ் வாக்கியம் செய்யாது.

3. தமிழில் வரி கண்ணுக்குத் தெரியாமலே இருந்தது

ஓலைச்சுவடிகளில் செய்யுள் வரி உடைத்து எழுதப்படவில்லை. ஓலையின் நீளம் முடியும்வரை எழுத்துகள் தொடர்ந்து ஓடும். புள்ளியும் பெரும்பாலும் இராது. உ.வே. சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள்தாம் அந்த ஓட்டத்திலிருந்து அடிகளைப் பிரித்தெடுத்து அச்சுப் பக்கத்தில் நிறுத்தினார்கள். பார்வைக்கு உரைநடைபோலவே கிடந்த ஒன்றிலிருந்து அடியை அவர்களால் எப்படிக் கண்டுபிடிக்க முடிந்தது? அடி என்பது ஓசையில் இருந்ததால்தான். சீர்களின் தளை, அடிதோறும் இரண்டாம் எழுத்தில் வரும் எதுகை, முதலெழுத்து மோனை ஆகியவை அடியின் தொடக்கத்தைக் காதுக்கு அறிவித்தன. தொல்காப்பியர் அடியை எழுத்தெண்ணிக்கையால் வகுக்கிறார். 10 முதல் 14 எழுத்துவரை வந்தால் அளவடி. எண்ணி அறியக்கூடிய ஒன்றைப் பார்த்து அறியத் தேவையில்லை.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. முதலாவது, வரி உடைக்காமல் எழுதுவது தமிழ்க் கவிதைக்குப் புதிதல்ல. அடியைக் காட்டும் ஓசை அடையாளமும் இல்லாமல் எழுதுவதுதான் புதிது. சிலப்பதிகாரத்தின் ‘உரைபெறு கட்டுரை’ போன்ற பழைய உரைப் பகுதிகள் முன்னுதாரணமாகக் காட்டப்படுவதுண்டு. ஆனால் அவை செய்யுளுக்கு அருகில் நின்று செய்தி சொல்பவை. தனியே நின்று கவிதையாக வேண்டிய பொறுப்பு அவற்றுக்கு இல்லை. இரண்டாவது, யாப்பை விட்ட புதுக்கவிதை, அடியை ஓசையிலிருந்து கண்ணுக்கு மாற்றியது. 1959இல் தொடங்கிய ‘எழுத்து’ இதழின் காலத்து விவாதம் யாப்பு வேண்டுமா வேண்டாமா என்பதையே பெரிதும் சுற்றி வந்தது. அச்சு வரிக்கு ஏன் இவ்வளவு அதிகாரம் என்ற கேள்விக்கு அதில் போதிய இடம் கிடைக்கவில்லை. உரைநடைக் கவிதை எழுப்புவது அந்த இரண்டாவது கேள்வியைத்தான்.

4. பாரதியின் இரண்டு கயிறுகள்

பாரதியின் வசன கவிதைகளில் பெரும்பகுதி வேத மந்திரத்தின் சாயலில், குறுவரிகளாக நடப்பது. விட்மனின் செல்வாக்கையும் அவற்றில் காண்பதுண்டு. ஆனால் ‘காற்று’ என்ற பகுதியின் தொடக்கம் இவை இரண்டிலும் சேராதது. உண்மையான உரைநடைக் கவிதை தமிழில் தொடங்கும் இடமாக நான் கருதுவது அதைத்தான்.

ஒரு மாடி. அதன்மேல் ஓலைப் பந்தல். பந்தலின் மூங்கில் கழியில் கட்டியது போக மிஞ்சிய கயிறு தொங்குகிறது. அதன் நீளம் ஒரு சாண். இன்னொன்றும் உண்டு, அது முக்கால் சாண். அளவுகளைச் சொன்ன அதே குரலில், ஒன்று ஆண், மற்றது பெண், இருவரும் கணவன் மனைவி, அவர்கள் பெயர் கந்தன், வள்ளியம்மை என்று பாரதி சொல்லிவிடுகிறார். பிறகு கயிறுகள் ஒன்றையொன்று தீண்டுகின்றன, நாணுகின்றன, கதைசொல்லியோடு பேசுகின்றன. காற்று நின்றுவிடுகிறது. சிறிய கயிறு உறங்குகிறதோ என்று கவிஞர் கேட்க, வாயு தோன்றி, உறங்கவில்லை, இறந்துவிட்டது என்கிறான்.

இதில் உவம உருபின் துணையில்லாமலே கயிறுகள் தம்பதியாகிவிடுகின்றன. கணவன் மனைவி ‘போல’ என்று ஒரே ஒரு முறை எழுதியிருந்தால் முழுதும் சரிந்திருக்கும். ‘போல’ என்பது வாசகருக்கு, இது வெறும் ஒப்புமை, பயப்பட வேண்டாம் என்று கொடுக்கும் உறுதிமொழி. வரி உடைத்த கவிதையில் அந்த உறுதிமொழியை மீறி வரி இடைவெளி சிறிது பதற்றத்தைக் காப்பாற்றும். பத்தியில் அதற்கு வாய்ப்பில்லை. அங்கே கற்பனையைச் செய்தியின் இலக்கணத்தில் சொன்னால்தான் அது நிற்கும். பந்தலின் கட்டுமானத்தையும் கயிற்றின் அளவையும் பாரதி முதலில் தந்ததற்குக் காரணம் இதுதான் என்று எண்ணுகிறேன். அளவு சொல்பவரை நாம் நம்பிவிடுகிறோம். நம்பிய பிறகு பெயர் சூட்டுகிறார்.

ஓசையும் அவ்வாறே. வினைமுற்று இல்லாத சிறு வாக்கியங்களில் பெயரும் அளவும் மட்டும் நிற்கின்றன. பிறகு செயல் தொடங்கும்போது வாக்கியம் நீள்கிறது. மந்திரப் பகுதி தொடங்கியதும் இந்த மாற்றம் நின்று, ஒரே அளவான துதி வாக்கியங்கள் அடுக்கப்படுகின்றன. அந்தப் பகுதியின் பெருமிதத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் கயிறு இறந்துவிட்டது என்ற இடத்தில் கிடைத்த வியப்பு, வாயு தன் தத்துவத்தை விளக்கத் தொடங்கியதும் தணிகிறது என்பதே என் மதிப்பீடு. உரைநடைக் கவிதையில் விளக்கம் நுழைந்தால், அது கட்டுரைக்கு மிக அருகில் வாழும் வடிவம் என்பதால், உடனே கட்டுரையாகிவிடுகிறது.

5. ஒரு மாதிரி: கிணறு

கோட்பாட்டை நடைமுறையில் சோதிக்க, இக்கட்டுரைக்கென்றே அமைத்த ஒரு மாதிரியைப் படிப்படியாகப் பார்ப்போம். வீட்டுக் கிணற்றை மண் கொட்டி மூடுவது பொருள். சிற்றிதழ்களில் நாம் அடிக்கடி காணும் வரிக் கவிதையின் அமைப்பில் அது இப்படி வரலாம்:

கிணற்றை மூடினார்கள்
பாட்டியின் கண்ணீர் போல
மெல்ல மெல்ல
மறைந்தது நீர்
இன்னமும்
எங்கோ கேட்கிறது
ஒரு வாளியின்
ஓசை

இதைப் பத்தியாக ஒட்டினால்: ‘கிணற்றை மூடினார்கள். பாட்டியின் கண்ணீர் போல மெல்ல மெல்ல மறைந்தது நீர். இன்னமும் எங்கோ கேட்கிறது ஒரு வாளியின் ஓசை.’ கவிதை காணாமல் போய்விட்டது. ‘இன்னமும்’ என்பதற்கும் ‘ஓசை’ என்பதற்கும் இருந்த கனம் அவை தனித்து நின்றதால் வந்த கனம். ‘மறைந்தது நீர்’ என்று வினையை முன்னே போட்ட தலைகீழ் அமைப்பு வரியில் இயல்பாகத் தெரிந்தது; பத்தியில் மேடைத்தனமாகத் தெரிகிறது. வரியை எடுத்தால் எஞ்சுவது என்ன என்பதைக் காட்டுவதால், இந்த ஒட்டிப் பார்க்கும் சோதனை வரிக் கவிதைக்கும் பயனுள்ளது.

பலர் இந்த இடத்தில் இழந்த கனத்தை அடைமொழியால் ஈடுசெய்ய முயல்வார்கள்: பாசி படிந்த, காலத்தின் சாட்சியான, மௌனத்தில் உறைந்த கிணறு. அது கவிதை நடையில் எழுதிய உரைநடை மட்டுமே. சரியான வழி எதிர்த் திசையில் இருக்கிறது. உணர்ச்சியின் பெயரை எடுத்துவிட்டு நிகழ்ச்சியின் கணக்கை வைக்க வேண்டும்:

‘கிணற்றை மூட ஆறு டிராக்டர் மண் போதும் என்றார் மேஸ்திரி. ஆறு வந்தது. ஏழாவது வந்தது. பத்தாவது டிராக்டர் கொட்டிவிட்டுப் போன பிறகு அம்மா எட்டிப் பார்த்து, இன்னும் இடுப்பளவுகூட ஏறவில்லை என்றாள். அண்ணன் பழைய கட்டிலைப் போட்டான். அப்பாவின் சைக்கிளைப் போட்டான். தண்ணீர் வரி ரசீதுகள், ஒரு கதவு, கதவோடு வந்த தாழ்ப்பாள். இன்னொரு டிராக்டருக்குச் சொல்லி அனுப்பினோம். டிரைவர் வந்து பார்த்துவிட்டு, நிறைந்துதானே இருக்கிறது என்றார். குனிந்து பார்த்தோம். விளிம்புவரை தண்ணீர். அம்மா குடம் எடுக்க உள்ளே போனாள்.’

செறிவு இங்கே எப்படி வருகிறது என்று பார்ப்போம். கிணற்றை ஏன் மூடினார்கள் என்பது சொல்லப்படவில்லை. தண்ணீர் வரி ரசீது அதைச் சொல்லிவிடுகிறது. அப்பா இல்லை என்பதும் சொல்லப்படவில்லை. அவருடைய சைக்கிளைக் கேட்காமல் எடுத்துப் போட முடிகிறது என்பதே போதும். ‘ஆனால்’, ‘எனவே’, ‘ஏனென்றால்’ என்ற இணைப்புச் சொற்கள் ஒன்றும் இல்லை. வரிக் கவிதையில் வெற்றிடம் இருந்த இடம், பத்தியில் இரண்டு வாக்கியங்களுக்கு நடுவிலுள்ள சொல்லப்படாத காரணம்தான். வாசகர் அங்கே நின்று அதை நிரப்புகிறார். அந்த நிற்றல்தான் வரி முடிவுக்கு ஈடு.

ஓசையைப் பொறுத்தவரை, தமிழ் உரைநடைக்கு ஒரு தனி இடர் உண்டு. வினைமுற்று கடைசியில் வருவதால் எல்லா வாக்கியங்களும் -ஆன், -ஆள், -து என்று ஒன்றுபோல முடிந்து, விரும்பாத இயைபு ஒலிக்கத் தொடங்கும். மாதிரியில் ‘போட்டான்’ இரண்டு முறை வருவது திட்டமிட்டது. மூன்றாவது முறை எதிர்பார்க்கும் காதுக்கு வினையே இல்லாத பட்டியல் கிடைக்கிறது. ‘விளிம்புவரை தண்ணீர்’ என்பதும் வினையற்றது. இன்னொரு கருவி வினையெச்சம். ‘கொட்டிவிட்டுப் போன பிறகு’, ‘எட்டிப் பார்த்து’ என்று எச்சங்களைத் தொடுத்தால், முற்று வரும்வரை வாசகர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார். நீண்ட எச்சத் தொடருக்கு முன்னும் பின்னும் இரண்டு சொல் வாக்கியங்களை வைத்தால் அந்தப் பிடிப்பு உணரப்படும். எல்லாமே குறு வாக்கியமானால் தந்தி வாசிப்பதுபோலாகும். எல்லாமே எச்சத் தொடரானால் பழைய வசன காவியம் போலாகும்.

இதற்கு நேர்மாறான இடரும் உண்டு. மோனையும் ஒத்த அளவும் தமிழ்ப் பேச்சில் மிக எளிதாகச் சேர்ந்துவிடும். மூன்று வாக்கியங்கள் ஒரே எண்ணிக்கைச் சீரோடும் ஒரே முதலெழுத்தோடும் வந்தால், தமிழ் வாசகரின் காதில் அடுக்குமொழிப் பேச்சு கேட்கத் தொடங்கிவிடும். அதன்பின் அவர் கவிதையைத் தேட மாட்டார். கைதட்ட வேண்டிய இடத்தைத்தான் எதிர்பார்ப்பார். உரத்து வாசிக்கும்போது குரல் தானாக உயர்ந்தால் அந்த இடத்தை உடைத்து எழுதுவது நல்லது.

வியப்பைப் பற்றித்தான் அதிகத் தவறு நடக்கிறது. மாதிரி ‘விளிம்புவரை தண்ணீர்’ என்பதோடு முடிந்திருந்தால், அது கடைசி வரியில் திருப்பம் வைத்த ஒரு குட்டிக் கதை. ஒருமுறை படித்ததும் தீர்ந்துவிடும். அதற்கு அடுத்த வாக்கியத்தில் அம்மா அந்த அதிசயத்தை அன்றாட வேலையாக ஏற்றுக்கொண்டு குடம் எடுக்கப் போகிறாள். வியப்பு நிகழ்ச்சியிலிருந்து நகர்ந்து, அவள் வியக்காமல் இருப்பதில் போய் உட்காருகிறது. அவள் முன்பே அறிந்திருந்தாளா என்ற கேள்வி பின்னோக்கிச் சென்று, ‘இடுப்பளவுகூட ஏறவில்லை’ என்று அவள் சொன்னதையும் மீண்டும் படிக்க வைக்கிறது. அவள் எதை அளந்துகொண்டிருந்தாள், மண்ணையா நீரையா? இந்தப் பின்னோக்கிய வாசிப்புக்கு இடமிருந்தால் அது கவிதை என்பதே கதையிலிருந்து இவ்வடிவத்தைப் பிரிக்க நான் பயன்படுத்தும் அளவுகோல்.

6. எல்லை

இத்தனை பொறுப்பையும் வாக்கியத்தின்மேல் ஏற்றினால், அதைத் தாங்கும் நீளம் குறைவுதான். சொல்லப்படாத காரணங்கள் பத்துப் பன்னிரண்டைத் தாண்டினால் வாசகர் நிரப்புவதை நிறுத்திவிட்டுக் கதையைத் தேடத் தொடங்குகிறார். ஒரு பக்கத்துக்குமேல் போகும் உரைநடைக் கவிதைகள் பெரும்பாலும் கதையாகவோ தியானக் குறிப்பாகவோ கரைவதன் காரணம் இது. பாரதியின் கயிறுகள்கூட மந்திரமாக மாறித்தான் நீள முடிந்தது.

எல்லாப் பொருளும் இவ்வடிவத்துக்கு இசையாது. ஒரே ஒரு படிமத்தை நிறுத்திக் காட்ட வேண்டிய கவிதைக்கு வரிதான் தேவை. அதைப் பத்தியில் போட்டால் குறிப்பேட்டின் ஒரு வாக்கியமாகத் தெரியும். தொடர்ந்து நிகழும் செயல், கணக்கு, விதிமுறை, வழக்கமான பேச்சு ஆகிய உரைநடையின் சொந்தச் சரக்கு உள்ள பொருள்தான் பத்தியில் கவிதையாகும்.

ஆகவே சிற்றிதழ் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். உரைநடைக் கவிதை என்று வரும் கையெழுத்துப்படியை அச்சுக்கு அனுப்புமுன், அதை ஒருமுறை வரி உடைத்துப் பாருங்கள். உடைத்ததும் அது மேம்படுமானால், கவிஞர் வரிக் கவிதையைத்தான் எழுதியிருக்கிறார். அவரிடம் சொல்லி அப்படியே வெளியிடுங்கள். எங்கே உடைத்தாலும் அது சேதமாகுமானால் மட்டும் பத்தியாக அச்சிடுங்கள்.